நாலு கரண்டி மாவும் பதினாறு கரண்டி மாவும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம அலுவலகச் சுவரில் ஒரு சார்ட் பேப்பர் ஒட்டியிருக்கு. அதில் நீல நிறத்தில் பெரிசும் சின்னதுமா வட்டங்கள் இருக்கும். வந்து போறவங்க எல்லாரும் "இது என்ன கோலமா?" என்று கேட்கிறாங்க. அந்தப் படத்தை வரைஞ்சது நான்தான். முதல் தடவை தப்பாக வரைஞ்சதும் நான்தான். அந்தத் தப்பால் ஒரு குழுவுக்குக் கடன் நின்று போகப் பார்த்தது. அதைத்தான் இன்றைக்குச் சொல்லலாம் என்று வந்திருக்கேன். குழுக்களின் சொந்தப் பெயரைச் சொல்லாமல், பூப் பெயராக மாற்றிச் சொல்றேன். யாரும் தப்பாக எடுத்துக்க வேண்டாம்.

விஷயம் இப்படித்தான் ஆரம்பித்தது. கூட்டமைப்பிலிருந்து அடுத்த சுற்றுக் கடன் எந்தெந்தக் குழுவுக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு குழுவைப் பற்றியும் மூன்று விஷயம் பார்க்கணும் என்று செயற்குழுவில் பேசினாங்க. ஒன்று, கூட்டத்துக்கு உறுப்பினர்கள் எவ்வளவு ஒழுங்காக வர்றாங்க. இரண்டு, தவணையை நாள் தவறாமல் கட்டுறாங்களா. மூன்று, இப்ப அவங்க கையில் கடன் பாக்கி எவ்வளவு இருக்கு. கணக்காளர் தங்கச்சி இந்த மூன்றையும் ஒரு பட்டியலாக எழுதிக் கொடுத்திருந்தாங்க. பதினொரு குழு, குழுவுக்கு மூன்று எண். மொத்தம் முப்பத்து மூன்று எண்ணை வாசித்து முடிக்கும்போது முதல் குழுவின் எண் யாருக்கும் நினைவில் இல்லை.

வருகைக்கு ஒரு பட்டைப் படம், தவணைக்கு ஒன்று, பாக்கிக்கு ஒன்று என்று மூன்று படம் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு படமும் தனியாகப் பார்க்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் ஒரே குழுவைப் பற்றித் தெரிஞ்சுக்க மூன்று படத்திலும் தேட வேண்டியிருந்தது. வருகை குறைந்த குழுவும் தவணை தவறிய குழுவும் ஒன்றுதானா, வேறயா என்று அதில் சட்டென்று தெரியாது.

அதற்கு முன்னாடி நடந்த ஒரு பயிற்சியில், ஸ்வீடன் நாட்டு டாக்டர் ஹான்ஸ் ரோஸ்லிங் பேசும் வீடியோவைப் பயிற்றுநர் போனில் காட்டியிருந்தாங்க. அவர் 2017-ல் இறந்துட்டார். உலக நாடுகளை எல்லாம் ஒரே படத்தில் வட்டம் வட்டமாகக் காட்டி விளக்குவதில் பேர் பெற்றவர். இடமிருந்து வலமாகப் போனால் ஒரு ஆளின் சராசரி வருமானம். கீழிருந்து மேலே போனால் மக்களின் ஆயுள். வட்டம் எவ்வளவு பெரிசோ அந்த நாட்டில் அவ்வளவு ஜனம். அதனால் சீனாவும் இந்தியாவும் பெரிய வட்டமாக இருக்கும். ஒரு வட்டத்தைப் பார்த்தாலே மூன்று விஷயம் தெரிஞ்சிடும். இதை பபிள் சார்ட் என்று சொல்றாங்க. தமிழில் குமிழிப் படம் என்று வச்சுக்கலாம். நம்ம பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் போடுற வட்ட விளக்கப்படம் வேற. அது ஒரே வட்டத்தைக் கூறு போட்டுப் பங்கு காட்டுவது. இதில் ஒரு குழுவுக்கு ஒரு முழு வட்டம்.

'மூன்று எண்ணையும் ஒரே வட்டத்தில் காட்ட முடியுமே, நம்ம குழுக்களுக்கும் இப்படிப் போட்டால் என்ன' என்று தோணுச்சு. மகளுடைய ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்துக்கிட்டு ராத்திரி உட்கார்ந்தேன்.

பதினொன்றையும் சொன்னால் குழம்பும். ஐந்து குழுவின் கணக்கை மட்டும் சொல்றேன். முதல் எண் வருகை, நூற்றுக்கு எத்தனை. இரண்டாவது எண், அந்த 12 மாதத்தில் கட்ட வேண்டிய தவணையில் நாள் தவறாமல் கட்டியது, அதுவும் நூற்றுக்கு எத்தனை. மூன்றாவது கடன் பாக்கி.

மல்லிகை: 94, 96, ரூ.2,25,000
முல்லை: 92, 93, ரூ.1,00,000
ரோஜா: 80, 84, ரூ.1,00,000
தாமரை: 64, 92, ரூ.4,00,000
செவ்வந்தி: 58, 62, ரூ.25,000

இந்த எண்கள் எப்படி வந்தது என்பதற்குச் செவ்வந்தியையே எடுத்துக்கலாம். அந்தக் குழுவில் 12 பேர், வருஷத்தில் 48 கூட்டம். எல்லாரும் எல்லாக் கூட்டத்துக்கும் வந்திருந்தால் 576 கையெழுத்து இருக்கணும். வருகைப் பதிவேட்டில் இருந்தது 334. அதுதான் நூற்றுக்கு 58. கட்ட வேண்டிய தவணை 30,000 ரூபாய். நாள் தவறாமல் கட்டியது 18,600. அது நூற்றுக்கு 62.

அடுத்து வட்டத்தின் அளவு. 'நாலு லட்சத்துக்கு 8 சென்டிமீட்டர் அகலமான வட்டம் போடுவோம். அப்ப ஒரு லட்சத்துக்கு 2 சென்டிமீட்டர் அகலம்' என்று கணக்குப் போட்டேன். கடன் நாலு மடங்கு என்றால் அகலமும் நாலு மடங்கு, சரிதானே என்று நினைச்சேன். மல்லிகைக்கு நாலரை சென்டிமீட்டர் வந்தது. செவ்வந்திக்கு அரை சென்டிமீட்டர். எல்லாத்துக்கும் சிவப்புக் கலர் அடிச்சேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் செயற்குழுவில் அதைச் சுவரில் ஒட்டினதும் எல்லார் கண்ணும் ஒரே இடத்துக்குத்தான் போச்சு. தாமரைக் குழுவின் வட்டம் சிவப்பாக, மற்றதை எல்லாம் முழுங்குற மாதிரி நின்றது. "ஐயய்யோ, இவ்வளவு பணம் இந்த ஒரு குழுகிட்டயா இருக்கு? வருகையும் குறைவா இருக்கே" என்று ஒருத்தர் ஆரம்பிக்க, ஆளாளுக்குப் பேச ஆரம்பிச்சாங்க. பட்டியலை வாசிச்சப்ப யாரும் தாமரையைப் பற்றி வாய் திறக்கலை. அதே எண்தான். படத்தைப் பார்த்ததும் பயம் வந்துட்டது. தாமரைக்கு அடுத்த கடனை நிறுத்தி வைக்கிறதாகத் தீர்மானம் எழுதத் தீர்மானப் புத்தகத்தையும் திறந்தாச்சு.

தாமரைக் குழுவின் பிரதிநிதி ஒரு வயசான அம்மா. குழுக் கடனில்தான் இட்லி, தோசைக் கடை போட்டு நடத்துறாங்க. அவங்க எழுந்து படத்துகிட்ட வந்தாங்க. எங்க வட்டத்தையும் முல்லை வட்டத்தையும் கையால் அளந்து பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டாங்க:

"ஏம்மா, முல்லைக்கு ஒரு லட்சம். எங்களுக்கு நாலு லட்சம். முல்லைக்கு ஒரு கரண்டி மாவு ஊத்தினா எங்களுக்கு நாலு கரண்டிதானே ஊத்தணும்? நீ பதினாறு கரண்டி ஊத்தியிருக்கியே?"

எனக்கு முதலில் புரியலை. அவங்களே சொன்னாங்க. "ஒரு கரண்டி மாவுல ஒரு சாண் அகலத்துக்குத் தோசை வரும்னு வச்சுக்க. ரெண்டு சாண் அகலத்துக்கு அதே கனத்துல ஊத்தணும்னா ரெண்டு கரண்டி போதுமா? நாலு கரண்டி வேணும். நாலு சாண் அகலம்னா பதினாறு கரண்டி. தினமும் ஊத்துற எனக்குத் தெரியாதா?"

கூட்டத்தில் சிரிப்பு. எனக்கு வெட்கமாகப் போச்சு. பத்தாம் வகுப்பு வரைக்கும் வட்டத்தின் பரப்பளவு பை ஆர் ஸ்கொயர் என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன்! ஆரத்தை அதே ஆரத்தால் பெருக்கினால்தான் பரப்பு. அதனால் அகலம் இரண்டு மடங்கு ஆனால் பரப்பு நாலு மடங்கு. அகலம் நாலு மடங்கு ஆனால் பரப்பு பதினாறு மடங்கு. நாம் ஒரு வட்டத்தைப் பார்க்கும்போது கண்ணில் படுவது அது அடைச்சுக்கிட்டு இருக்கிற இடம்தான். நான் அகலத்தைக் கடனுக்குச் சமமாக வச்சேன். பார்த்தவங்க இடத்தைப் பார்த்தாங்க. நாலு மடங்குக் கடன் பதினாறு மடங்காகத் தெரிஞ்சது.

இதே தப்பு இன்னொரு பக்கமும் வேலை செய்தது. அது அப்ப யாருக்கும் தெரியலை. செவ்வந்தியின் வட்டம் அரை சென்டிமீட்டர்தான். துவரம்பருப்பு அளவுக்கு ஒரு புள்ளி. வருகையும் குறைவு, தவணையும் குறைவு என்று உண்மையிலேயே கவனிக்க வேண்டிய குழு அதுதான். கீழே இடது மூலையில் கிடந்த அந்தப் புள்ளியை ஏதோ மை கொட்டியிருக்கு என்றுதான் எல்லாரும் நினைச்சிருப்பாங்க. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கலை.

தலைவி அக்கா தீர்மானப் புத்தகத்தை மூடி, "படத்தைச் சரியாப் போட்டுட்டு வா, அடுத்த வாரம் பேசலாம்" என்று சொன்னாங்க.

அந்த ஒரு வாரத்தில் நான் படத்தை எப்படித் திருத்தினேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்றேன். உங்க குழுவிலும் நீங்க போட்டுப் பார்க்கலாம்.

முதலில் இரண்டு கோடு. கீழே படுக்கைக் கோட்டில் வருகை, இடது பக்கம் நிற்கிற கோட்டில் தவணை. எந்தக் குழுவும் 50-க்குக் கீழே இல்லை. அதனால் இரண்டு கோட்டையும் 50-ல் ஆரம்பித்து 100-ல் முடிச்சேன். 10-க்கு 8 சென்டிமீட்டர் என்று வச்சால் ஒரு கோடு 40 சென்டிமீட்டர். சார்ட் பேப்பரைப் படுக்க வச்சால் இது அடங்கி, வலது பக்கம் விளக்கம் எழுதவும் இடம் மிஞ்சும். 50-ல் ஆரம்பிக்கிறதைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே எழுதிடணும். இல்லை என்றால் கீழே இருக்கிற குழு ஒன்றுமே கட்டாத குழு மாதிரித் தெரியும்.

அடுத்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பென்சில் புள்ளி. செவ்வந்தியின் வருகை 58. அது 50-ஐத் தாண்டி 8. அதற்கு 6.4 சென்டிமீட்டர் வலது பக்கம் போகணும். தவணை 62, அதாவது 50-ஐத் தாண்டி 12. அதற்கு 9.6 சென்டிமீட்டர் மேலே போகணும். அங்கே புள்ளி. வட்டத்தின் நடு மையம் அந்தப் புள்ளியில்தான் இருக்கணும். வட்டத்தின் ஓரத்தை வச்சுப் படிக்கக் கூடாது.

மூன்றாவது வட்டத்தின் அளவு. இங்கேதான் நான் போன தடவை சறுக்கினேன். இப்ப 25,000 ரூபாய்க்கு 1 சென்டிமீட்டர் ஆரம் என்று வச்சுக்கிட்டேன். ஆரம் என்றால் காம்பஸை விரிக்கிற அளவு. மற்ற குழுவுக்கு, கடன் பாக்கியை 25,000-ஆல் வகுத்து, வர்ற விடைக்கு வர்க்கமூலம் எடுக்கணும். போனில் இருக்கிற கால்குலேட்டரில் √ என்று ஒரு குறி இருக்கும். அதுதான் வர்க்கமூலம். தாமரைக்கு 4,00,000-ஐ 25,000-ஆல் வகுத்தால் 16. பதினாறுக்கு வர்க்கமூலம் 4. காம்பஸை 4 சென்டிமீட்டர் விரிச்சால் போதும். மல்லிகைக்கு 9 வரும், வர்க்கமூலம் 3. முல்லைக்கும் ரோஜாவுக்கும் 4 வரும், வர்க்கமூலம் 2. செவ்வந்திக்கு 1 வரும், ஆரமும் 1.

இப்ப பாருங்க. தாமரையின் வட்டம் முல்லையின் வட்டத்தைவிட அகலத்தில் இரண்டு மடங்குதான். இடத்தில் நாலு மடங்கு. அந்த அம்மா சொன்ன நாலு கரண்டி. செவ்வந்தியும் துவரம்பருப்பிலிருந்து ஒரு ரூபாய் காசு அளவுக்கு வந்துட்டது. இனி யாரும் மை கொட்டினது என்று நினைக்க முடியாது.

ஒன்றை மட்டும் மறந்துடாதீங்க. கோட்டை 50-ல் ஆரம்பிச்ச மாதிரி வட்டத்தின் அளவை நடுவிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. "குறைந்த கடன் 25,000, அதைக் கழிச்சுட்டு மிச்சத்துக்கு வட்டம் போடலாம்" என்று போனால் மறுபடியும் மடங்கு எல்லாம் பொய்யாகிடும். கடன் இல்லாத குழுவுக்கு வட்டமே இருக்காது. அதற்கு ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டுப் பெயர் எழுதினேன்.

நாலாவது, வட்டம் ஒன்றன் மேல் ஒன்று ஏறுறது. மல்லிகையும் முல்லையும் வருகையிலும் தவணையிலும் கிட்டக்கிட்ட இருக்கிறதால் இரண்டு வட்டமும் மேலே ஏறிக்கிச்சு. பெரிய வட்டத்தைக் கடைசியில் ஒட்டினால் சின்னது மறைஞ்சு போகும். அதனால் பெரிசிலிருந்து ஆரம்பிச்சு சின்னதைக் கடைசியில் வரைஞ்சேன். உள்ளே அடர்த்தியாகக் கலர் அடிக்காமல் லேசாகத் தீட்டி, ஓரத்தை மட்டும் அழுத்தமாகப் போட்டேன். அப்பதான் இரண்டு வட்டமும் முழுசாகத் தெரியும்.

சிவப்பை விட்டுட்டேன். சிவப்பும் பெரிசும் சேர்ந்தால் நம்ம மனசு ஆபத்து என்று முடிவு பண்ணிடும். ஆனால் பெரிய வட்டம் என்றால் பெரிய கடன், அவ்வளவுதான். அது குற்றம் இல்லை. கடன் வாங்கித் தொழில் பண்ணத்தானே குழு வச்சிருக்கோம்? நல்லதா கெட்டதா என்பதை வட்டம் நிற்கிற இடம்தான் சொல்லும். அளவு சொல்லாது. அதனால் எல்லாக் குழுவுக்கும் ஒரே நீலம்.

ஐந்தாவதுதான் விளக்கக் கட்டம். இங்கிலீஷில் லெஜண்டு என்று சொல்றாங்க. முதல் படத்தில் நான் இதைப் போடவே இல்லை. போட்டிருந்தால் தப்பு எனக்கே அப்பவே தெரிஞ்சிருக்கும். வலது பக்கம் ஒரு கட்டம் கட்டி, அதற்குள் மூன்று வெறும் வட்டம் வரைஞ்சேன். அதே காம்பஸ், அதே அளவு. ஒன்றுக்குப் பக்கத்தில் 25,000 ரூபாய், ஒன்றுக்கு 1,00,000 ரூபாய், ஒன்றுக்கு 4,00,000 ரூபாய் என்று எழுதினேன். மேலே 'வட்டம் அடைக்கும் இடம் = கடன் பாக்கி' என்று எழுதினேன். கீழே எந்தத் தேதி வரைக்கும் உள்ள பாக்கி, எந்த 12 மாத வருகை, தவணை என்று குறிச்சேன். யாராவது ஒரு குழுவின் வட்டத்தைப் பார்த்து 'இது எவ்வளவு?' என்று கேட்டால், கட்டத்தில் இருக்கிற மூன்றில் எதற்குக் கிட்ட இருக்கு என்று பார்த்துச் சொல்லிடலாம்.

'1 சென்டிமீட்டர் ஆரம் = 25,000 ரூபாய்' என்று ஒரு வரி எழுதினால் போதாதா என்று கணக்காளர் தங்கச்சி கேட்டாங்க. போதாது. இந்தப் படத்தைப் போனில் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டால் சின்னதாகிடும். மலரில் அச்சடித்தால் இன்னும் சின்னதாகும். அப்ப அந்த 1 சென்டிமீட்டர் என்ற வரி பொய்யாகிடும். வரைஞ்ச வட்டமாக இருந்தால், குழு வட்டம் சுருங்குற அளவுக்கு விளக்க வட்டமும் சேர்ந்து சுருங்கும். எங்கே போனாலும் அளவு சரியாக இருக்கும். கலரை நம்பி எழுதுறதும் அப்படித்தான். மலர் கறுப்பு வெள்ளையில் வந்தால் 'நீல வட்டம்' என்ற வார்த்தைக்கு அர்த்தம் இருக்காது. அதனால் வட்டத்துக்கு உள்ளேயோ பக்கத்திலேயோ குழுவின் பெயரையே எழுதிட்டேன்.

அடுத்த வாரம் புதுப் படத்தை ஒட்டினோம். இந்தத் தடவை யாரும் உடனே எதுவும் பேசலை. முதலில் வலது மேல் மூலையைப் பார்த்தாங்க. மல்லிகையும் முல்லையும் வருகையிலும் தவணையிலும் நல்லா இருந்தது. ரோஜா கொஞ்சம் கீழே. தாமரை மேலே இருக்கு, ஆனால் இடது பக்கம். அதாவது கூட்டத்துக்கு வர்றது குறைவு, தவணை நூற்றுக்கு 92 வந்துட்டுது. செவ்வந்தி கீழே இடது மூலையில் தனியாக நின்றது. "இது யாரு, இங்க தனியா?" என்று பொருளாளர் அக்காவே கேட்டாங்க. போன வாரமும் அந்தக் குழு அதே இடத்தில்தான் இருந்தது.

படம் எந்தக் குழுவைப் போய்ப் பார்க்கணும் என்று காட்டும். ஏன் அப்படி ஆச்சு என்பதைப் போய்க் கேட்டால்தான் தெரியும். தாமரையில் பாதிப் பேர் கரும்பு வெட்டப் போகிறவங்க. வெட்டுக் காலத்தில் கூட்டத்துக்கு வர முடியாது, ஆனால் தவணைப் பணத்தை அடுத்த வீட்டு உறுப்பினரிடம் கொடுத்து அனுப்பிடுறாங்க. அவங்களுக்குக் கடனை நிறுத்தக் காரணமே இல்லை. வெட்டுக் காலத்தில் கூட்டத்தை ராத்திரி வைக்கலாம் என்று மட்டும் பேசி முடிச்சோம்.

செவ்வந்தியில் கூட்டம் வச்சிருந்தது பகல் பதினொரு மணிக்கு. நூறு நாள் வேலை நடக்கிற நாளில் அந்த நேரத்துக்கு யாரால வர முடியும்? வராதவங்க கையில் பணம் வாங்க ஆள் இல்லை. ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் இரண்டு தவணை. அதுவும் தவறினால் மூன்று. கேட்க வெட்கப்பட்டு மூன்று பேர் கூட்டத்துக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க. கூட்டத்தைச் சாயங்காலம் ஏழு மணிக்கு மாற்றினோம். நின்றிருந்த தவணையை ஆறு மாதத்துக்குப் பிரிச்சுக் கொடுத்தோம்.

இந்தப் படத்தை இப்ப அலுவலகக் கம்ப்யூட்டரிலும் போடுறோம். எக்செல்லில் மூன்று கட்டத்தில் வரிசையாக வருகை, தவணை, பாக்கி என்று எழுதி, பபிள் சார்ட் என்று எடுத்தால் வந்துடும். அதில் வட்டத்தின் மேல் வலது கிளிக் பண்ணி Format Data Series என்று போனால் Size represents என்று ஒரு இடம் இருக்கும். அதில் Area of bubbles என்பதுதான் தேர்வாகியிருக்கணும். அதுதான் நாலு கரண்டி. Width of bubbles என்று இருந்தால் பதினாறு கரண்டி. யாராவது கை தவறி மாற்றியிருந்தால் பார்த்துச் சரி பண்ணணும்.

கம்ப்யூட்டர் விளக்க வட்டத்தைத் தானாகப் போட்டுத் தராது. அதனால் அதே படத்தில் காலியாக இருக்கிற மூலையில் வர்ற மாதிரி, குழு இல்லாத மூன்று வரியைத் தனி வரிசையாகச் சேர்க்கிறோம். பாக்கி என்ற இடத்தில் 25,000, 1,00,000, 4,00,000. அதற்கு வேற கலர். இதில் இன்னொரு லாபமும் இருக்கு. எக்செல் அந்தந்தப் படத்தில் இருக்கிற பெரிய எண்ணைப் பெரிய வட்டமாக வச்சு, மற்றதை அதற்குத் தக்கபடி போடும். போன தடவை பெரிய கடன் நாலு லட்சம், இந்தத் தடவை இரண்டு லட்சம் என்றாலும் இரண்டு படத்திலும் பெரிய வட்டம் ஒரே அளவில்தான் இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பார்த்தால் ஏமாந்து போவோம். எல்லாப் படத்திலும் நாலு லட்சம் விளக்க வட்டம் இருந்தால், எந்தக் குழுவின் கடனும் அதைத் தாண்டாத வரைக்கும், அளவு மாறாது.

இந்தப் படத்தால் ஆகாத வேலையும் உண்டு. ரோஜாவும் முல்லையும் ஒரு லட்சம். வேற ஒரு குழு 1,10,000 என்று வச்சுக்கங்க. வட்டத்தைப் பார்த்து அந்தப் பத்தாயிரம் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆரத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் கூடும். அதனால் சரியான ரூபாய்க் கணக்குக்குப் பட்டியல்தான். பட்டியலைப் படத்துக்குக் கீழேயே ஒட்டி வச்சிருக்கோம். குழு ரொம்ப அதிகமானாலும் வட்டம் வட்டத்தின் மேல் ஏறி ஒன்றும் புரியாது. அப்ப ஊர் வாரியாகப் பிரிச்சு இரண்டு படமாகப் போடணும்.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் படம் போட்டோம். அந்த ஆறு மாதக் கணக்கை மட்டும் எடுத்து, அதே கோடு, அதே விளக்க வட்டத்தோடு. செவ்வந்தியின் வருகை 79, தவணை 81. வட்டம் மூலையை விட்டு ரோஜா பக்கம் வந்திருந்தது. பாக்கி 16,000 ஆகியிருந்தது. அதை 25,000-ஆல் வகுத்தால் 0.64. வர்க்கமூலம் 0.8. காம்பஸை 8 மில்லிமீட்டர் விரிச்சு அந்த வட்டத்தைப் போட்டேன். செவ்வந்தியிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா அதைப் பார்த்துட்டு, "எங்க வட்டம் சின்னதாயிடுச்சே" என்று கேட்டாங்க. "கடன் குறைஞ்சிருக்கு அக்கா, அதான். இடம் மேலே போயிருக்கு பாருங்க" என்று சொன்னேன். அவங்களே விளக்கக் கட்டத்தில் விரலை வச்சுப் பார்த்து, "இருபத்தஞ்சாயிரத்தைவிடச் சின்னது" என்று படிச்சாங்க. நான் எதுவும் சொல்லிக் கொடுக்கலை.

அந்த முதல் தப்புப் படத்தை நான் கிழிச்சுப் போடலை. புதுசாகப் படம் போட வர்றவங்களுக்குக் காட்ட மடிச்சு பீரோவில் வச்சிருக்கேன். தோசைக்கடை அம்மா அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம், "இந்தத் தடவை எத்தனை கரண்டி ஊத்தினே?" என்று கேட்டுட்டுத்தான் போவாங்க. நான் கணக்கைக் காட்டிட்டுத்தான் படத்தை ஒட்டுறேன்.